பழைய அமெரிக்கத் தொலைக்காட்சிப் பதிவுகளில் டெலிசினியை நீக்கி 24 ஃப்ரேமை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படச்சுருளில் நொடிக்கு 24 படங்கள்தான் எடுத்தார்கள் என்கிறார்கள். என் நாடாப் பதிவில் 29.97 என்று காட்டுகிறதே, மீதி ஆறு எங்கிருந்து வந்தன?

புதிதாக எதுவும் வரவில்லை. இருந்தவற்றையே சில தடவை திரும்பக் காட்டினார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த என்டிஎஸ்சி ஒளிபரப்பில் ஒரு ஃப்ரேம் இரண்டு அரைப்படங்களாகச் சென்றது. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள் இருக்கும், மற்றொன்றில் இரட்டைப்படை வரிகள். இந்த அரைப்படத்துக்கு ஃபீல்டு என்று பெயர். நொடிக்கு ஏறத்தாழ 60 ஃபீல்டுகள் தேவை, கையில் இருப்பதோ 24 படங்கள். ஆகவே படச்சுருளைத் தொலைக்காட்சிக்கு மாற்றும் டெலிசினி இயந்திரம் முதல் படத்துக்கு இரண்டு ஃபீல்டு, அடுத்ததற்கு மூன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று பங்கிட்டது. இந்தப் பங்கீடுதான் புல்டவுன்.

க, ச, ட, த என்ற நான்கு படங்களை எடுத்து, மேல் ஃபீல்டு முதலில் வருவதாகக் கொண்டால் நாடாவில் ஐந்து ஃப்ரேம்கள் இப்படி அமையும்:

```
ஃப்ரேம்        1  2  3  4  5
மேல் ஃபீல்டு   க  ச  ச  ட  த
கீழ் ஃபீல்டு   க  ச  ட  த  த
```

முதலாவது, இரண்டாவது, ஐந்தாவது ஃப்ரேம்களில் இரு பாதிகளும் ஒரே படத்தைச் சேர்ந்தவை. மூன்றாவதிலும் நான்காவதிலும் வெவ்வேறு படங்களின் பாதிகள் ஒட்டியிருக்கின்றன. ஆனாலும் நான்கு படங்களின் இரண்டு பாதிகளும் இந்த அட்டவணைக்குள்ளேயே எங்கோ இருக்கின்றன, ஒன்றுகூடத் தொலையவில்லை. அதனால்தான் இந்தச் செயலைத் திருப்பிச் செய்ய முடிகிறது.

24, 60 என்று எழுதினாலும், 1953-இல் வந்த வண்ண ஒளிபரப்புத் தரத்தால் இந்த வேகங்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தன. 60 என்பது 59.94 ஆனது, 24 என்பது 23.976 ஆனது. பின்னமாக எழுதினால் 24000/1001. இந்தப் பின்னம் ஒலியைப் பற்றிய கேள்வியில் மறுபடியும் தேவைப்படும்.

என் பதிவில் இந்தப் புல்டவுன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். பார்க்கும் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் வசதியை முதலில் அணைத்துவிட வேண்டும். நிலைக்குத்து விளிம்புகளில் சீப்புப் பற்களைப் போலக் கோடுகள் தெரியும் ஃப்ரேம்களை எண்ணுங்கள். மூன்று சுத்தமாகவும் இரண்டு பற்களோடும் மாறிமாறி வந்தால் அது டெலிசினி செய்த படச்சுருள். அசையும் எல்லா ஃப்ரேம்களிலும் பற்கள் இருந்தால் அது வீடியோ கேமராவிலேயே எடுத்தது. செய்தி, விளையாட்டு, பகல்நேரத் தொடர்கள் பெரும்பாலும் இந்த வகை. அவற்றில் மீட்பதற்கு 24 என்ற வேகமே கிடையாது, அவற்றின் உண்மையான அசைவு நொடிக்கு 59.94. அவற்றைப் பிடித்து 24 ஆக்கினால் அசைவை அழித்துவிடுவீர்கள்.

இன்னும் உறுதியான சோதனை ஃபீல்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது. FFmpeg-உடன் வரும் ffplay-இல் இப்படித் திறந்து, s விசையால் ஒவ்வொன்றாக நகரலாம்:

```
ffplay -vf "setfield=bff,separatefields" pathivu.avi
```

டெலிசினி இருந்தால் ஐந்து ஃபீல்டுக்கு ஒருமுறை, இரண்டு ஃபீல்டு முன்னால் பார்த்ததே மறுபடியும் வரும். இதே சோதனை ஃபீல்டு வரிசையையும் சொல்லிவிடுகிறது. நகரும் பொருள் ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாகத் தள்ளாடினால் வரிசையைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். கட்டளையில் bff என்பதை tff என மாற்றிப் பாருங்கள். DV என்ற டிஜிட்டல் வடிவில் எடுத்த என்டிஎஸ்சி பதிவுகளில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். மற்றக் கருவிகளில் இரண்டும் உண்டு, ஆகவே கோப்பின் தலைப்புத் தகவலை நம்பாமல் கண்ணால் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

பற்களை நீக்கத்தானே டீஇன்டர்லேஸ் இருக்கிறது? அதைச் செய்தால் போதாதா?

போதாது. படச்சுருளுக்கு அது கேடும் செய்யும். டீஇன்டர்லேஸ் செய்யும் வடிகட்டி ஒரு ஃபீல்டை வைத்துக்கொண்டு, மற்ற பாதி வரிகளை அண்டை வரிகளிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. வீடியோ கேமராப் பதிவுக்கு வேறு வழியில்லை, அங்கே இரு பாதிகளும் உண்மையிலேயே வெவ்வேறு கணங்களில் எடுக்கப்பட்டவை. இங்கே அப்படியில்லை. மூன்றாவது ஃப்ரேமில் காணாத ‘ச’வின் கீழ்ப்பாதி இரண்டாவது ஃப்ரேமில் அப்படியே இருக்கிறது. இருப்பதை எடுத்துப் பொருத்தாமல் ஊகித்து நிரப்பினால் செங்குத்துத் தெளிவு குறையும், மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்கும். ஐந்துக்கு ஒன்று கூடுதல் என்ற கணக்கும் தீராது. கேமரா நகரும்போது கண் உணரும் அந்தச் சீரற்ற தடுமாற்றம் அப்படியே தங்கிவிடும்.

சரி, திருப்பிச் செய்யும்போது என்னதான் நடக்கிறது?

இரண்டு படிகள். முதலாவது ஃபீல்டு பொருத்தம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் மேல் ஃபீல்டை வைத்துக்கொண்டு, அதற்குரிய கீழ் ஃபீல்டை அதே ஃப்ரேமிலும் முந்தையதிலும் அடுத்ததிலும் தேடுகிறது. எதோடு சேர்த்தால் பற்கள் மிகக் குறைவோ அதைத் தேர்கிறது. மேலே உள்ள அட்டவணையில் இதைச் செய்து பாருங்கள். மூன்றாவதன் மேல் ‘ச’வுக்கு இரண்டாவதன் கீழ் ‘ச’ பொருந்தும். நான்காவதன் மேல் ‘ட’வுக்கு மூன்றாவதன் கீழ் ‘ட’ பொருந்தும். விளைவு: க, ச, ச, ட, த. ஐந்தும் முழுப்படங்கள், ஆனால் ‘ச’ இருமுறை வருகிறது.

இரண்டாவது படி அந்த இரட்டையை நீக்குவது. ஐந்து ஃப்ரேம்களை ஒரு சாளரமாகக் கொண்டு, முந்தையதோடு மிகக் குறைந்த வேறுபாடுள்ள ஒன்றைத் தூக்கிவிடுகிறது. பத்து நொடிப் பதிவில் சுமார் 300 ஃப்ரேம்கள் இருந்தால் 240 மிஞ்சும். 30000/1001 என்பதை ஐந்தில் நான்காக்கினால் சரியாக 24000/1001.

FFmpeg-இல் இரண்டையும் ஒரே வரியில் செய்யலாம்:

```
ffmpeg -i pathivu.avi -vf "fieldmatch=order=bff:combmatch=full,yadif=deint=interlaced,decimate" -c:v ffv1 -c:a copy padam.mkv
```

நடுவில் yadif இருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பொருத்தம் கிடைக்காமல் பற்களோடு நின்றுபோன ஃப்ரேம்களை மட்டும் fieldmatch குறியிட்டு அனுப்புகிறது, yadif அவற்றை மட்டும் தொடுகிறது. ஏவிசிந்த் பயன்படுத்துவோருக்கு இதே வேலையை TFM, TDecimate என்ற இணை செய்கிறது:

```
AviSource("pathivu.avi")
TFM(order=0)
TDecimate()
```

இங்கே order=0 என்றால் கீழ் ஃபீல்டு முதலில், 1 என்றால் மேல் ஃபீல்டு முதலில். முழு நீளத் தொடரை மீட்பவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஏனென்று அடுத்த பதிலில் தெரியும்.

கட்டளை ஓடி முடிந்தது, பற்களும் இல்லை. ஆனால் காட்சி மாறும் சில இடங்களுக்கு அருகில் படம் ஒரு கணம் துள்ளுகிறது. ஏன்?

1980களிலும் 90களிலும் பல அமெரிக்கத் தொடர்களைப் படச்சுருளில் எடுத்து, உடனே நாடாவுக்கு மாற்றி, அதன்பின் நாடாவிலேயே தொகுத்தார்கள். தொகுப்பாளர் வெட்டிய இடத்தில் இரண்டு-மூன்று என்ற ஒழுங்கு எங்கே இருந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை. ஆகவே ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஒழுங்கு வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. படச்சுருளிலேயே தொகுத்து, முடிந்த பிரதியை மாற்றிய நிகழ்ச்சிகளில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒழுங்கு நெடுநேரம் முறியாமல் ஓடும்.

ஃபீல்டு பொருத்தம் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனியாகப் பார்ப்பதால் இந்த முறிவை எளிதில் தாண்டிவிடும். இடறுவது இரண்டாவது படிதான். ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்ப்போம். பொருத்தத்துக்குப் பின் இரட்டை ஃப்ரேம்கள் 3, 8, 13 என்ற வரிசையில் வர வேண்டும். பதினோராவது ஃப்ரேமோடு காட்சி வெட்டப்பட்டு, புதிய காட்சியின் முதல் இரட்டை 16-ஆவது இடத்தில் வருகிறது என்று கொள்ளுங்கள். முதல் சாளரமான 1 முதல் 5 வரையில் ஓர் இரட்டை உண்டு, 6 முதல் 10 வரையிலும் உண்டு. 11 முதல் 15 வரையில் ஒன்றுமே இல்லை. ஆனால் சாளரத்துக்கு ஒன்றைத் தூக்க வேண்டும் என்பது விதி, ஆகவே உண்மையான படம் ஒன்று போய்விடுகிறது. அதுதான் அந்தத் துள்ளல். இதற்கு நேர்மாறும் நடக்கும். வெட்டு 13-க்குப் பின் விழுந்து, புதிய காட்சியின் இரட்டை 15-இல் வந்தால், ஒரே சாளரத்தில் இரண்டு இரட்டைகள். ஒன்று போகும், மற்றது தங்கிப் படத்தை ஒரு கணம் நிறுத்தும்.

சாளரத்தைப் பெரிதாக்கலாம்:

```
TDecimate(cycleR=2, cycle=10)
```

பத்துக்கு இரண்டு என்பதால் சராசரி வேகம் மாறாது. ஆனால் இது குறையைத் தீர்க்காது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன முதல் எடுத்துக்காட்டில் 11 முதல் 20 வரை ஒரே ஓர் இரட்டைதான் இருக்கிறது. இரண்டாவதாகத் தூக்க இன்னோர் உண்மைப் படம் போகத்தான் வேண்டும். பெரிய சாளரத்தில் அந்தப் பலியை அசைவு குறைந்த இடத்தில் தேட முடிகிறது, அவ்வளவே. ஒருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் ஒரு ஃப்ரேம் போனால் யாருக்கும் தெரியாது. ஓடும் காட்சியில் போனால் தெரியும். அப்படிப்பட்ட இடங்களுக்கு TDecimate-இன் ovr வழியாக எதைத் தூக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம். சலிப்பான வேலைதான். ஆனாலும் உங்களுக்கு முக்கியமான சண்டைக் காட்சியோ துரத்தல் காட்சியோ இருந்தால் அங்கே மட்டும் செய்யுங்கள், பலன் உடனே தெரியும்.

வெட்டின் விளிம்பில் இன்னொன்றையும் காண்பீர்கள். ஒரு படத்தின் ஒற்றை ஃபீல்டு மட்டும் துணையின்றி நின்றுவிடும், அதன் மறுபாதி வெட்டோடு போய்விட்டது. எந்த நிரலாலும் அதைப் பொருத்த முடியாது. மேலே yadif-ஐ வைத்தது இதற்காகவும்தான்.

ஸ்டார் ட்ரெக் போன்ற தொடர்களில் நடிகர்கள் வரும் காட்சி நன்றாகவும், விண்கலம் வரும் காட்சி மோசமாகவும் இருப்பது எதனால்?

1987 முதல் 1994 வரை வந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ இதற்குச் சரியான பாடம். நடிகர்களையும் மாதிரிக் கலங்களையும் 35 மி.மீ. படச்சுருளில்தான் எடுத்தார்கள். ஆனால் தொகுப்பும் சிறப்புக் காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதும் நாடாவில் நடந்தன. பின்னணி விண்மீன்கள் ஒரு துண்டு, கலம் ஒரு துண்டு, ஒளிக்கற்றை ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டும் தன் ஒழுங்கோடு வந்து சேரும்போது, ஒரே ஃப்ரேமில் இரண்டு ஒழுங்குகள் மோதுகின்றன. கலத்துக்குப் பொருந்தும் ஃபீல்டு விண்மீன்களுக்குப் பொருந்தாது. நாடாவிலேயே உருவாக்கிய ஒளி விளைவுகளோ நொடிக்கு 59.94 ஃபீல்டாக அசைபவை. அவற்றுக்கு 24 என்பதே இல்லை.

இந்த முடிச்சை நாடாவிலிருந்து அவிழ்க்க முடியாது. 2012 முதல் வந்த அந்தத் தொடரின் புளூ-ரே வெளியீட்டுக்கு நாடாவைத் தொடாமல் மூல நெகட்டிவ்களுக்கே திரும்பிப் போய், அவற்றை மறுபடி ஸ்கேன் செய்து, மறுபடி தொகுத்து, சிறப்புக் காட்சிகளையும் புதிதாகச் சேர்த்தது இதனால்தான்.

நம் கையில் நாடா மட்டுமே இருக்கும்போது, பெரும்பகுதியான நடிகர் காட்சிகளை 23.976-க்கு மீட்டு, கலப்புக் காட்சிகளை மட்டும் டீஇன்டர்லேஸ் செய்து 29.97-இல் விட்டுவிடுவதே நேர்மையான தீர்வு. எம்கேவி கோப்பு, வேகம் இடையில் மாறுவதை நேரக்குறிகளின் உதவியால் தாங்கும். நகரும் பெயர்ப்பட்டியலுக்கும் இதே வழி. பின்னணிப் படச்சுருளுக்கு ஃபீல்டு பொருத்தினால் மேலே ஓடும் எழுத்துகளில் பற்கள் முளைக்கும். எழுத்தைக் காப்பாற்றுவதா, பின்னணியையா என்றால் நான் எழுத்தைத்தான் தேர்வேன்.

விஎச்எஸ் நாடா என்பதால் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மூன்று விஷயங்கள். முதலாவது, பதிவெடுக்கும்போதே ஃப்ரேம்கள் விடுபடக் கூடாது. கணினியில் ஏற்றும்போது கருவி ஒரு ஃப்ரேமைத் தவறவிட்டால், யாரும் வெட்டாத இடத்தில் வெட்டு விழுந்ததாகிவிடும். மேலே சொன்ன எல்லாத் தொல்லைகளும் அங்கே வரும். நாடாவின் நேரத் தடுமாற்றத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வழியாக ஏற்றி, விடுபட்டவற்றின் எண்ணிக்கை பூஜ்யமாக இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வரிகள் நடுங்கும் நாடாவில் அந்த நடுக்கத்தையே பற்கள் என்று நிரல் எண்ணிவிடுவதும் இதனால் குறையும்.

இரண்டாவது, நாடாவைப் படிக்கும் தலை மாறும்போது படத்தின் அடியில் விழும் இரைச்சல் பட்டை. அது பொருத்தத்தைக் குழப்பும். fieldmatch-இல் y0=468:y1=480 என்று கொடுத்தால் அந்த வரிகளை விலக்கிவிட்டு முடிவெடுக்கும்.

மூன்றாவது, வேலையின் வரிசை. அளவு மாற்றுவது, இரைச்சல் நீக்குவது எல்லாம் டெலிசினியை நீக்கிய பிறகுதான். செங்குத்து அளவை முதலில் மாற்றினால் ஒற்றை வரியும் இரட்டை வரியும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். அதற்குப் பிறகு எந்த நிரலாலும் பிரிக்க முடியாது.

டிவிடியிலிருந்து எடுக்கும்போதும் இதையே செய்ய வேண்டுமா?

பல டிவிடிகளில் தேவையில்லை. வட்டில் 24 முழுப்படங்களே இருக்கும், எந்த ஃபீல்டைத் திரும்பக் காட்ட வேண்டும் என்ற குறி மட்டும் உடன் இருக்கும். குறியைப் புறக்கணித்துப் படித்தால் வேலை முடிந்தது. நாடாவில் முடித்த தொடர்களின் வட்டுகளில் மட்டும் இரு வகையும் கலந்து வரும். அவற்றை நாடாவைப் போலவே நடத்துங்கள்.

மீட்ட பிறகு ஒலி மெல்ல மெல்ல விலகிப் போகிறது.

எங்கோ 24000/1001 என்பதற்குப் பதிலாக 24 என்று எழுதப்பட்டிருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு ஒரு மணி நேரத்தில் 3.6 நொடியாகிவிடும். ஃப்ரேம்களைக் குறைத்தாலும் மொத்த நேரம் மாறுவதில்லை என்பதால் ஒலியை நீட்டவோ சுருக்கவோ வேண்டியதில்லை. விலகல் சீராக வளராமல் ஓரிடத்தில் திடீரென்று தொடங்கினால், அது பதிவின்போது விடுபட்ட ஃப்ரேம்.

தூர்தர்ஷனில் பதிவு செய்த பழைய தமிழ்ப் படங்களுக்கு இது பயன்படுமா?

பயன்படாது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தது பிஏஎல் முறை, நொடிக்கு 25 ஃப்ரேம். அங்கே படச்சுருளைச் சற்று வேகமாக 25-இல் ஓட்டிவிடுவார்கள், புல்டவுன் இல்லை. ஃபீல்டுகள் ஒன்று தள்ளிப் பதிவாகியிருந்தால் பொருத்தம் மட்டும் செய்யலாம். எந்த ஃப்ரேமையும் தூக்கக் கூடாது.

வெளிநாட்டுச் சந்தைக்கு வந்த என்டிஎஸ்சி இந்தியப் பட டிவிடிகள் வேறு கதை. அவற்றில் பல, பிஏஎல் மூலத்திலிருந்து மின்னணு முறையில் மாற்றப்பட்டவை. அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து நிழல் தெரியும். அங்கே பற்களைத் தேடும் பொருத்தத்துக்கு வேலையே இல்லை. ஏவிசிந்தில் உள்ள Srestore போன்ற, கலப்பைப் பிரிக்க முயலும் வடிகட்டிகள் வேண்டும்.

என்னிடம் இருப்பது பழைய கணினியில் 352x240 அளவில் ஏற்றிய கோப்பு மட்டுமே, நாடா போய்விட்டது. ஏதாவது செய்ய முடியுமா?

அந்த அளவில் ஏற்றிய பல கருவிகள் ஒரு ஃபீல்டை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட்டன. முதல் அட்டவணையின் மேல் வரிசையை மட்டும் படியுங்கள்: க, ச, ச, ட, த. நான்கு படங்களும் இருக்கின்றன, ‘ச’ மட்டும் இரட்டை. கீழ் வரிசையில் ‘த’ இரட்டை. ஆகவே பாதி உயரத் தெளிவு போயிருந்தாலும் அசைவு முழுதாக இருக்கிறது. ஃபீல்டு பொருத்தம் எதுவும் வேண்டாம், இரட்டையை மட்டும் நீக்கினால் 23.976 கிடைக்கும்:

```
ffmpeg -i pazhaya.avi -vf decimate -c:v ffv1 -c:a copy padam.mkv
```

ஐந்துக்கு ஒன்று சரியான இரட்டையாக இல்லாமல் எல்லா ஃப்ரேம்களும் வேறுபட்டிருந்தால், ஏற்றியபோது இரு ஃபீல்டுகளும் கலக்கப்பட்டிருக்கின்றன. நகரும் காட்சியில் ஐந்துக்கு இரண்டில் நிழல் தெரியும். அப்போது decimate ஓட்ட வேண்டாம். இருக்கும் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதே நிகழ்ச்சியின் வேறு பதிவு கிடைக்கிறதா என்று தேடுங்கள்.